20 × 8 அடி கூட்டுப்பட பேனர்: ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பும் செய்தியில் அளவு, ரெசல்யூஷன், ப்ளீட் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1976இல் பள்ளி முடித்த வகுப்பினரின் ஒன்றுகூடலுக்கு, மண்டபத்தின் உள்ளே மேடைக்குப் பின்னால் மரச்சட்டத்தில் அடிக்கும் 20 × 8 அடி பேனர். நடுவில் பழைய வகுப்புப் படம், இரு பக்கமும் 24 வீதம் 48 பேரின் இன்றைய முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர். ப்ளீட் என்பது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளியே கூடுதலாக அச்சடிக்கும் ஓரம், பி.பி.ஐ. என்பது ஓர் அங்குலத்தில் வரும் பிக்சல்களின் எண்ணிக்கை. உங்கள் பேனரின் அளவு வேறாக இருந்தாலும் கணக்கு போடும் முறை இதுதான்.

கடைக்கு என்னதான் எழுதி அனுப்புவது? ஒரு மாதிரி கொடுங்கள், அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்கிறோம்.

> வணக்கம் அண்ணா. மேடை பேனர் 1 எண்ணம். மண்டபத்துக்கு உள்ளே, மரச்சட்டத்தில் இழுத்து அடிப்பது.
>
> அடித்த பிறகு முன்னால் தெரிய வேண்டியது: அகலம் 240 அங்குலம், உயரம் 96 அங்குலம் (20 × 8 அடி, படுக்கை வாட்டம்).
>
> நாலு பக்கமும் 3 அங்குலம் ப்ளீட் சேர்த்து அச்சாக வேண்டியது: அகலம் 246, உயரம் 102 அங்குலம். ப்ளீட் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டாம்.
>
> ஃபைல் பத்தில் ஒரு பங்கு அளவில்: 24.6 × 10.2 அங்குலம், 1000 பி.பி.ஐ. அதாவது 24600 × 10200 பிக்சல். அச்சடிக்கும்போது 1000 சதவீதம். முழு அளவில் 100 பி.பி.ஐ. வரும்.
>
> டிஃப், சி.எம்.ஒய்.கே, எல்லாம் ஒரே லேயர். எழுத்து எல்லாம் படமாகிவிட்டது, ஃபான்ட் தேவையில்லை.
>
> கீழ் ப்ளீட்டில் 12 அங்குலக் கோடு ஒன்று இருக்கிறது. அச்சான பின் டேப் வைத்துப் பார்க்கவும்.
>
> ஒட்டு வேண்டாம், 10 அடி ரோலில் ஒரே துண்டாக. ஐலெட் வேண்டாம். 3 அங்குல ஓரத்தை வெட்ட வேண்டாம்.
>
> முழுசாக ஓட்டும் முன், தனியாக வெட்டி அனுப்பியிருக்கும் 2 × 1 அடி துண்டுக்கு சாம்பிள் வேண்டும்.
>
> ஃபைல் பெயர்: batch1976_stage_246x102in_1to10.tif

இதில் எதைச் சுருக்கினாலும் அளவு சொல்லும் மூன்று பத்திகளைச் சுருக்காதீர்கள். பேனரில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன.

"20 × 8" என்று சொன்னாலே கடைக்காரருக்குப் புரியுமே, இத்தனை அளவு எதற்கு?

அவருக்குப் புரிவது பில் போடும் அளவு. உங்களுக்கு வேண்டியது வேறு மூன்று: கண்ணுக்குத் தெரியும் அளவு, துணியில் மை விழும் அளவு, ஃபைலைத் திறந்தால் திரையில் காட்டும் அளவு. மூன்றும் வேறு வேறு என்பதை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபைல் 246 × 102 விகிதத்தில் இருக்கிறது. ஆர்டர் புத்தகத்தில் 20 × 8 என்று இருக்கிறது. மெஷினில் இருப்பவர் அகலத்தில் 240, உயரத்தில் 96 என்று தட்டி, விகிதப் பூட்டை எடுத்துவிட்டு ஃபைலை அதற்குள் அமுக்கிவிடுவார். அகலம் 2.4 சதவீதம்தான் குறையும், உயரமோ 5.9 சதவீதம் குறையும். விளைவு, எல்லா முகமும் ஏறக்குறைய மூன்றரை சதவீதம் அகலமாகி, கொஞ்சம் வீங்கினாற்போல் தெரியும். பள்ளி முத்திரை வட்டமாக இருந்தால் அது முட்டை வடிவமாகும். அதற்கு மேல், சட்டத்தில் மடக்க ப்ளீட் மிச்சம் இருக்காது. தச்சர் படத்தையே பின்னால் மடக்கி அடிப்பார்.

இந்தத் தப்பைப் பிடிக்கத்தான் அந்த 12 அங்குலக் கோடு. பத்தில் ஒரு பங்கு ஃபைலில் 1.2 அங்குல நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "12 அங்குலம்" என்று எழுதிக் கீழ் ப்ளீட்டுக்குள் வையுங்கள். மடங்கிப் பின்னால் போய்விடும் என்பதால் யார் கண்ணிலும் படாது. முடிந்தால் நெட்டுவாக்கில் இன்னொரு கோட்டை இடது ப்ளீட்டிலும் போடுங்கள். படுக்கைக் கோடு பதினொன்றே முக்கால் இருந்து நெட்டுக் கோடு பதினொன்றேகாலுக்குச் சற்று மேல் நின்றால், ஃபைலை அமுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, அடியில் புள்ளி வைத்து எழுதாதீர்கள். 8.6 என்று எழுதினால் சிலர் 8 அடி 6 அங்குலம் என்று எடுப்பார்கள், சாஃப்ட்வேர் 103.2 அங்குலம் என்று எடுக்கும். அங்குலத்தில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. அகலம், உயரம் என்ற சொற்களையும் விடாமல் போடுங்கள். நெட்டாக நிற்கும் பேனர்களில் 8 × 20, 20 × 8 ஆகிப்போவது உண்டு.

ப்ளீட் எவ்வளவு விட வேண்டும்? நோட்டீஸுக்கு 3 மில்லிமீட்டர் விடுவோம், இதற்கும் அதே போதுமா?

நோட்டீஸில் ப்ளீட் விடுவது கட்டிங் மெஷின் ஒரு நூல் தள்ளி வெட்டினால் வெள்ளை தெரியாமல் இருக்க. சட்டத்தில் அடிக்கும் பேனரில் அது மடக்குவதற்கான துணி. அதனால் கணக்கைச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 2 × 1 அங்குல ரீப்பரில் சட்டம் என்றால், பக்கவாட்டுத் தடிப்பு 1 அங்குலம், பின்னால் மடக்கி ஆணியோ ஸ்டேப்பிள் பின்னோ அடிக்க 2 அங்குலம். கூட்டினால் 3. இரும்புச் சட்டம் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் என்றால், பின்னால் கட்டவோ ஒட்டவோ இடம் சேர்த்து 4 அங்குலம் விடுங்கள்.

சட்டமே இல்லாமல், ஓரம் மடித்து ஐலெட் அடித்துக் கயிற்றில் கட்டுவதாக இருந்தால் கதை வேறு. ஓரத்தை உள்பக்கம் ஒன்றரை அங்குலம் அளவுக்கு மடித்து ஒட்டி, அந்தப் பட்டையில்தான் ஐலெட் அடிப்பார்கள். மடிப்புக்கான துணியைக் கடையே வெள்ளையாக விட்டுக்கொள்கிறதா, நீங்கள் ஃபைலில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பேருமே சேர்த்தால் பேனர் பெரிதாகும், இரண்டு பேருமே விட்டுவிட்டால் படம் மடிப்புக்குள் போகும்.

ப்ளீட் பகுதியில் என்ன இருக்க வேண்டும்?

பின்னணி நிறமோ டிசைனோ அப்படியே நீண்டிருந்தால் போதும். முகம், பெயர், முத்திரை எதுவும் அங்கே வரக்கூடாது. ஓரத்து முகக் கட்டங்களை ஓரம் வரை இழுத்து ஒட்டுவது கூட்டுப்படங்களில் அடிக்கடி நடக்கும். திரையில் அழகாக இருக்கும். சட்டத்தில் அடித்ததும் கடைசி வரிசையில் இருப்பவரின் காது சட்டத்தைச் சுற்றிப் போயிருக்கும்.

அதனால் தெரியும் எல்லையிலிருந்து உள்ளே இன்னும் 4 அங்குலத்துக்கு முக்கியமான எதையும் வைக்காதீர்கள். தச்சர் செய்யும் 20 அடிச் சட்டம் சரியாக 240 அங்குலம் இருக்கும் என்று நம்ப முடியாது, அரை அங்குலம் முன்பின் இருக்கும். ஃப்ளெக்ஸை இழுத்து அடிக்கும்போது அதுவும் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் இழுபடும். இதே காரணத்தால், பேனரைச் சுற்றி ஓர் அங்குலத்தில் மெல்லிய பார்டர் கோடு போடும் ஆசையை விட்டுவிடுங்கள். இடது பக்கம் முக்கால் அங்குலம், வலது பக்கம் ஒன்றேகால் என்று நிற்கும். பேனரிலேயே முதலில் கண்ணில் படுவது அதுதான். பார்டர் வேண்டியே தீரும் என்றால் 4 அங்குலத்துக்குக் குறையாத பட்டையாகப் போட்டு, அதை ப்ளீட்டுக்குள்ளும் நீட்டிவிடுங்கள்.

300 பி.பி.ஐ. வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், 72 போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

கேட்க வேண்டியது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதை. சாதாரணப் பார்வை உள்ளவருக்குப் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க எத்தனை பி.பி.ஐ. வேண்டும் என்பதற்கு எளிய வகுத்தல் ஒன்று உண்டு.

```
ppi = 3438 / distance_in_inches
```

10 அடி தூரத்துக்கு, அதாவது 120 அங்குலத்துக்கு, 29 பி.பி.ஐ. வரும். 5 அடிக்கு 57. 3 அடிக்கு 95. சாலையோரம் உயரத்தில் நிற்கும் விளம்பரப் பலகைக்கு 72 என்பதே தாராளம். அந்த அனுபவத்தில்தான் கடைக்காரர் 72 போதும் என்கிறார், அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் வகுப்புப் பேனர் வேறு மாதிரி. விழா முடிந்ததும் எல்லோரும் மேடையேறி, தன் முகம் எங்கே, பக்கத்தில் இருப்பது யார் என்று மூன்றடி தூரத்தில் நின்று விரல் வைத்துத் தேடுவார்கள். அதனால் இங்கே 100 பி.பி.ஐ. எடுத்துக்கொண்டோம். 300 என்றால் 73800 × 30600 பிக்சல். ஃபைல் ஒன்பது மடங்காகும், கணினி திணறும், கண்ணுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது.

மெஷினில் எழுதியிருக்கும் 720, 1440 போன்ற டி.பி.ஐ. எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை மைத்துளிகளின் எண்ணிக்கை. ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டப் பல துளிகள் சேர வேண்டும். உங்கள் ஃபைலின் பி.பி.ஐ. அந்த எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

முழு ஃபைலும் 24600 பிக்சல் இருக்கிறது. ஆனாலும் சில முகங்கள் மங்கலாக வருகின்றனவே?

ஃபைலின் பிக்சல் எண்ணிக்கை வெறும் பாத்திரம். அதில் ஊற்றிய படத்தில் சரக்கு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டுப்படத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அதன் சொந்த ரெசல்யூஷன் உண்டு. அந்தப் படத்தின் உண்மையான பிக்சலை, அது பேனரில் பிடிக்கும் அங்குலத்தால் வகுத்தால் வருவது அது.

நம் பேனரில் முகக் கட்டம் ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம். 100 பி.பி.ஐ. வேண்டுமானால் வெட்டி எடுத்த முகப்படம் 1200 × 1400 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக வந்த ஒன்று 1600 × 1200 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் போதும்போல் இருக்கும். ஆனால் அது குடும்பத்தோடு நிற்கும் படம். அதில் நமக்கு வேண்டியவரின் தலையும் தோளும் மட்டும் வெட்டினால் 400 பிக்சல் அகலம்தான் தேறும். 400ஐ 12ஆல் வகுத்தால் 33 பி.பி.ஐ. மேலே சொன்ன வகுத்தலைத் திருப்பிப் போட்டால், 3438ஐ 33ஆல் வகுக்க 104 அங்குலம். எட்டரை அடிக்கு அப்பால் நின்றால் சரியாக இருக்கும், கிட்டே வந்தால் மங்கும். பக்கத்துக் கட்டத்தில் இருப்பவர் 110 பி.பி.ஐ.யில் பளிச்சென்று இருப்பார் என்பதால் இவருடைய மங்கல் இரண்டு மடங்காகத் தெரியும்.

அப்போது போட்டோஷாப்பில் Image Size போய், Resample தேர்வில் இருக்க, 33ஐ 100 என்று மாற்றுவது பயன் தராது. பிக்சல் கூடும், விவரம் கூடாது. அந்தத் தேர்வை எடுத்துவிட்டு அகலத்தில் 12 அங்குலம் என்று போட்டால், படத்தின் உண்மையான பி.பி.ஐ. எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். சோதிக்க நல்ல வழி இது.

செய்ய வேண்டியது, 48 பேரிடமும் முன்கூட்டியே ஒரே மாதிரி கேட்பது: "மார்பு வரை மட்டும், போனை நெட்டாகப் பிடித்து, வெளிச்சம் முகத்தில் விழ எடுத்த புதுப் படம். வாட்ஸப்பில் கேலரியிலிருந்து அல்ல, டாக்குமெண்ட் என்ற வழியாக அனுப்பவும்." டாக்குமெண்டாக வந்தால் படம் சுருங்காது. இப்படிக் கேட்டும் ஐந்தாறு பேர் பாஸ்போர்ட் படத்தைப் போனில் படம் பிடித்துத்தான் அனுப்புவார்கள். அவர்களை மேல் வரிசையில் வையுங்கள். அங்கே யாரும் மூன்றடி தூரத்தில் முகத்தை வைத்துப் பார்க்க முடியாது.

நடுவில் வைக்கும் பழைய வகுப்புப் படத்தை எப்படி ஸ்கேன் செய்வது?

மூலப் படம் 8 × 6 அங்குலம். பேனரில் 72 × 54 அங்குலமாக, அதாவது ஒன்பது மடங்காகப் பெரிதாகிறது. 300இல் ஸ்கேன் செய்தால் 2400 பிக்சல், பேனரில் 33 பி.பி.ஐ. 600இல் செய்தால் 4800 பிக்சல், 67 பி.பி.ஐ. 900இல் செய்தால் 7200 பிக்சல், கணக்குப்படி நூறு வந்துவிடும். ஆனால் அந்தக் காலத்துப் பிரிண்டில் 600க்கு மேல் ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் கிடைப்பது காகிதத்தின் சொரசொரப்பும் படத்தின் குறுணையும்தான். 600இல் எடுத்து 67 பி.பி.ஐ.யோடு திருப்திப்படுவது நல்லது. ஐந்தடியிலிருந்து தெளிவாக இருக்கும்.

ஸ்கேன் செய்யும் முன் கண்ணாடியையும் படத்தையும் மென்துணியால் துடையுங்கள். ஒன்பது மடங்கு பெரிதாகும்போது ஒரு மில்லிமீட்டர் தூசி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வெள்ளைப் புள்ளியாகி, யாருடைய நெற்றியிலாவது உட்காரும். படம் ஃப்ரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பள்ளி மலரில் அச்சான படம் மட்டுமே கிடைத்தால், அச்சுப் புள்ளிகள் ஸ்கேனில் வலைபோல் தெரியும். ஸ்கேனரின் Descreen தேர்வைப் போட்டு எடுங்கள்.

ஏன் பத்தில் ஒரு பங்கு அளவு? முழு அளவிலேயே செய்தால் என்ன?

சாஃப்ட்வேருக்கு வரம்பு உண்டு. பழைய வகை பி.டி.எஃப் பக்கம் 200 அங்குலத்துக்கு மேல் போகாது. இல்லஸ்ட்ரேட்டரின் சாதாரண ஆர்ட்போர்டு 227 அங்குலத்தோடு நிற்கும். நமக்கு 246 வேண்டும். பெரிய அளவுக்கென்று புதிய பதிப்புகளில் வழி இருக்கிறது, ஆனால் கடையில் இருக்கும் பதிப்பும் அதைச் சரியாகப் படிக்கும் என்று சொல்ல முடியாது. பத்தில் ஒன்று என்றால் தசமப்புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் போதும், யாரும் கணக்கில் தடுமாற மாட்டார்கள்.

இதில் நடக்கும் தவறு ஒன்றுதான். அளவைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டு, பி.பி.ஐ.யைப் பத்து மடங்காக்க மறந்துவிடுவது. 24.6 அங்குலத்தை 100 பி.பி.ஐ.யில் திறந்தால் 2460 பிக்சல்தான். பெரிதாக்கும்போது 10 பி.பி.ஐ. ஆகிவிடும். 1000 பி.பி.ஐ. என்று பார்த்துக் கடைக்காரர் ஆச்சரியப்பட்டால் பிக்சல் எண்ணிக்கையைக் காட்டுங்கள், அது எந்த அளவிலும் மாறாது.

போட்டோஷாப்பில் இன்னொரு எல்லையும் உண்டு. பி.எஸ்.டி ஃபைல் எந்தப் பக்கமும் 30000 பிக்சலுக்கு மேல் போகாது. 100 பி.பி.ஐ.யில் 25 அடி தாண்டினால் பி.எஸ்.பி வகையில் சேமிக்க வேண்டியிருக்கும்.

ஃபைல் எந்த வகையில் கொடுப்பது? எவ்வளவு பெரிதாகும்?

24600 × 10200 என்பது சுமார் 25 கோடி பிக்சல். சி.எம்.ஒய்.கே.வில் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 1 ஜி.பி. வரும். லேயர்களை ஒன்றாக்கி, எல்.இசட்.டபிள்யூ சுருக்கத்தோடு டிஃப் ஆக்கினால் குறையும். அதையும் தூக்க முடியாத கடை என்றால் உயர்ந்த தரத்தில் ஜேபெக் கொடுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. லேயரோடு இருக்கும் மூல ஃபைலை அனுப்பவே அனுப்பாதீர்கள், கை தவறி ஒரு முகம் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. மின்னஞ்சல் இணைப்பில் இது போகாது. டிரைவ் லிங்க் அல்லது பென்டிரைவ்தான் வழி.

வீட்டில் சரியாக இருந்த தமிழ் எழுத்து கடையில் திறந்தால் உடைந்துபோகிறது. ஏன்?

கடைகளில் பழைய கோரல்டிரா பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் யூனிகோட் தமிழ் சரியாகச் சேராது. "கொ"வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று நிற்கும். பழைய குறியீட்டு ஃபான்ட்டில் அடித்திருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எழுத்தை வளைகோடாக மாற்றியோ படத்தோடு சேர்த்து ஒன்றாக்கியோ அனுப்புவது. அப்படி மாற்றிய பிறகு 48 பெயரையும் இன்னொருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இதன் பிறகு எழுத்துப் பிழையைக் கடையில் திருத்த முடியாது.

போட்டோஷாப்பிலேயே எழுத்து உடைந்தால், பழைய பதிப்புகளில் Preferences உள்ளே Type பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வைப் போட வேண்டும். பெயர்களுக்கு ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்து வையுங்கள். "ணை", "ஞ" போன்ற சுழி நிறைந்தவை ரொம்பச் சிறிதானால் மை நிரம்பி அடைத்துக்கொள்ளும்.

திரையில் பளிச்சென்று இருந்த நிறம் அச்சில் மங்கிவிடுகிறதே?

ஒளிரும் பச்சை, மின்னும் நீலம், ஊதா போன்றவை திரைக்கு மட்டுமே சாத்தியம், மையில் வராது. கடைசி நேரத்தில் அதிராமல் இருக்க, ஆரம்பத்திலேயே சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிப் பாருங்கள். பெரிய கறுப்புப் பின்னணி வைப்பதானால் வெறும் கறுப்பு மை 100 மட்டும் கொடுத்தால் சாம்பலாக வரும். நீலம் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்ற கலவை ஆழமாக வரும். நான்கையும் நூறாக்கிவிட்டால் ஃப்ளெக்ஸில் மை காயாது, சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

10 அடி ரோல் என்று எழுதியிருக்கிறீர்கள். 8 அடி பேனருக்கு 8 அடி ரோல் போதாதா?

போதாது, ப்ளீட் சேர்ந்ததும் உயரம் எட்டரை அடி. 8 அடி ரோலுக்கு மேல் பெரும்பாலும் 10 அடி ரோல்தான் இருக்கும். சில கடைகள் அச்சான அளவுக்கு மட்டும் பில் போடும், அப்படியானால் 20.5 × 8.5, சுமார் 174 சதுர அடி. சில கடைகள் வீணாகும் துணிக்கும் சேர்த்து 20.5 × 10, அதாவது 205 சதுர அடிக்குப் போடும். முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் தெரியும் உயரத்தை 87 அங்குலமாக, அதாவது 7 அடி 3 அங்குலமாகக் குறைத்துவிடுங்கள். ப்ளீட்டோடு 93 அங்குலம், 8 அடி ரோலில் இரு ஓரமும் ஒன்றரை அங்குலம் விட்டு அமரும். மெஷின் துணியின் ஓரம் வரை அச்சடிக்காது என்பதால் சரியாக 96 அங்குலத்துக்கு வடிவமைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். இதை டிசைன் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டும், பிறகு 48 கட்டங்களையும் குறுக்க நேரும்.

12 அடி உயரம் போன்ற பேனர்களில் ஒட்டு தவிர்க்க முடியாது. அப்போது ஒட்டு எந்த உயரத்தில் வரும் என்று கேட்டு, அந்தக் கோட்டில் முகமோ பெயரோ விழாமல் கட்டங்களைப் பிரியுங்கள். பேனருக்குப் பின்னால் மேடை விளக்கோ சன்னலோ இருந்தால் பிளாக் அவுட் ஃப்ளெக்ஸ் கேளுங்கள். சாதாரண ஃப்ளெக்ஸில் ஒளி ஊடுருவி, சட்டத்தின் குறுக்குக் கட்டைகள் முகங்களின் மேல் நிழலாக விழும்.

சாம்பிளில் எதைப் பார்க்க வேண்டும்?

சாம்பிளுக்கென்று பொதுவான ஓர் இடத்தைக் கொடுக்காமல், ஒரு முகம், அதன் பெயர், கொஞ்சம் பின்னணி மூன்றும் விழும் 24 × 12 அங்குலத் துண்டை நீங்களே வெட்டிக் கொடுங்கள். அதே துணி, அதே மெஷின், அதே வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல வேகத்தில் சாம்பிள் எடுத்துவிட்டு, முழு பேனரை அவசர வேகத்தில் ஓட்டினால் ஒரே நிறப் பகுதிகளில் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழும். கோடு ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் விடாமல் வந்தால், ஹெட்டில் ஏதோ துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்த பிறகு ஓட்டச் சொல்ல வேண்டும்.

சாம்பிளைக் கையில் வைத்துப் பார்க்காமல் சுவரில் ஒட்டி, முதலில் மூன்றடி, பிறகு பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

பேனரை வாங்கும்போது கடையில் என்ன சரிபார்ப்பது?

டேப்பை முதலில் 12 அங்குலக் கோட்டில் வையுங்கள், பிறகு முழு அகலம் 246, உயரம் 102. நீளவாக்கில் கால் அங்குலம் கூடக்குறைய இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஃப்ளெக்ஸ் அப்படித்தான். நாலு ஓரத்திலும் 3 அங்குலம் வெட்டப்படாமல் இருக்கிறதா பாருங்கள். வெட்டும் ஆள் பழக்கத்தில் ஓரத்தைச் சீராக்கிவிடுவார், செய்தியில் எழுதியிருந்தாலும் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கடையில் ஒருமுறை நேரில் சொல்லிவைப்பதும் நல்லது.

மை காய்ந்திருக்கிறதா என்று ப்ளீட்டின் அடர்நிறப் பகுதியில் விரலால் தேயுங்கள். பிறகு அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி, ஒரு காகிதக் குழாயில் சுருட்டி வாங்குங்கள். துணிபோல் மடித்துக் கொடுத்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு நிற்கும், சட்டத்தில் எவ்வளவு இழுத்தாலும் அது போகாது.